இரவு சிஸ்டர் பேசியதைக் காலைக் குறிப்பாக்குவது

நைட் டியூட்டி முடித்துக் கிளம்பும் சிஸ்டர் ஹேண்ட்ஓவர் சொல்லும்போது, இரவில் எது முதலில் நடந்ததோ அதுதான் வாயில் முதலில் வரும். ரெண்டு மணிக்கு மூச்சு வாங்கியது, நாலு மணிக்கு சுகர் ஏறியது, அஞ்சு மணிக்குத் தூங்கினார் என்று போகும். காலை டியூட்டிக்கு வருபவருக்குத் தேவைப்படுவது வேறு வரிசை. இப்போது உடனே என்ன செய்ய வேண்டும், எது எத்தனை மணிக்குள் முடிய வேண்டும், எதைக் கண்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டும். பதிவு செய்த பேச்சைக் குறிப்பாக்குவது என்றால் இந்த வரிசையை மாற்றிப் போடுவதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான். மீதிப் பாதி, பேச்சில் எது விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, சொன்னவர் பஸ் ஏறுவதற்குள் அவரிடம் கேட்டுவிடுவது.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் ஜெனரல் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். நீலகிரியின் கிழக்குச் சரிவு என்பதால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு மரம் சாய்ந்தாலோ, மண் சரிந்தாலோ, அரவேணு பக்கமிருந்து வரும் சிஸ்டர்கள் ஒரு மணி நேரம் தாமதமாவார்கள். கட்டபெட்டு பக்கம் பனிமூட்டம் இறங்கினால் அந்த வழி பஸ்ஸும் ஊர்ந்துதான் வரும். ஏழரை மணிக்கு இரண்டு பேர் வந்து ஹேண்ட்ஓவர் வாங்கியிருப்பார்கள், எட்டரைக்கு வரும் மற்ற இரண்டு பேருக்கு அந்த இரண்டு பேர் ஞாபகத்தில் வைத்திருப்பதுதான் ஹேண்ட்ஓவர். நேரில் கேட்டதையே அடுத்தவரிடம் சொல்லும்போது பாதி போய்விடும். அதனால்தான் நைட் சிஸ்டர் பெட் பெட்டாகப் பேசுவதை வார்டு போனில் பதிவு செய்து, அதை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி வைக்கும் பழக்கத்தை ஆரம்பித்தோம்.

இந்தப் பதிவு, பெட் பக்கத்தில் நின்று கொடுக்கும் ஹேண்ட்ஓவருக்குப் பதிலானது இல்லை. அதுவும் நடக்கும். நைட் சிஸ்டர் ஆறே முக்காலுக்கு ஒரு சுற்று வந்து பேசிப் பதிவு செய்வார், நான் ஏழு மணியிலிருந்து கேட்டு எழுதுவேன், ஏழரைக்கு அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பெட் பெட்டாக ஹேண்ட்ஓவர் நடக்கும். அந்த அரை மணி நேரம்தான் எல்லாமே. சொன்னவர் இன்னும் வார்டில் இருக்கிறார், கேட்டால் பதில் கிடைக்கும். எட்டு மணிக்கு மேல் எழுதினால் அழகான குறிப்பு வரும், ஆனால் சந்தேகத்தைத் தீர்க்க ஆள் இருக்காது.

ஒரு நோயாளியின் பதிவை அப்படியே தருகிறேன். அடையாளம் தெரியும் விஷயங்களை எடுத்துவிட்டேன். 6.50-க்குப் பேசியது.

"நாலாம் பெட் தாத்தா. சி.ஓ.பி.டி., சுகர் இருக்கு, நேத்து சாயங்காலம் அட்மிஷன். நைட் பரவால்ல. ரெண்டு மணி வாக்குல மூச்சு வாங்குச்சு, எழுந்து உட்கார்ந்துட்டாரு, நெபுலைசேஷன் குடுத்தேன், அப்புறம் செட்டில் ஆயிட்டாரு. சேச்சுரேஷன் இப்ப தொண்ணூறு, ஆக்சிஜன் போயிட்டிருக்கு. நாலு மணிக்கு சுகர் முன்னூத்திப் பன்னெண்டு, டியூட்டி டாக்டர்கிட்ட சொன்னேன், பத்து யூனிட்... இல்ல, எட்டு யூனிட் ரெகுலர் போடச் சொன்னாரு, போட்டாச்சு. திரும்பப் பாக்கணும். வென்ஃப்ளான் இடது கையில லேசா வீங்கின மாதிரி இருக்கு, பாத்துக்கோங்க. ஆன்டிபயாடிக் காலைல எட்டு மணிக்கு ஆரம்பிக்கச் சொல்லி எழுதியிருக்காங்க. பையன் சொல்றாரு, தாத்தாவுக்கு முன்னாடி ஏதோ மாத்திரை ஒத்துக்காம உடம்பெல்லாம் ஊறல் எடுத்துச்சாம், எதுன்னு தெரியல. பொட்டாசியம் ரிப்போர்ட் வரல. யூரின் போறாரு. அவ்வளவுதான்."

ஒரு நிமிடம் கூட இல்லை. நல்ல ஹேண்ட்ஓவர் இது, நிறைய விஷயம் இருக்கிறது. பேசிய சிஸ்டர் கவனமானவர். ஆனால் இதை வரிக்கு வரி சுத்தமான தமிழில் எழுதிக் கொடுத்தால், காலை சிஸ்டருக்கு எதை முதலில் செய்ய வேண்டும் என்று தெரியாது. எட்டு மணி மருந்தும், ஊறல் எடுத்த கதையும், வீங்கின கையும் தனித்தனி வாக்கியங்களில் இருக்கின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்திக்கப்போகின்றன. எட்டு மணிக்கு, அந்த இடது கையில் மருந்து ஏற்றச் செருகியிருக்கும் வென்ஃப்ளான் வழியாக, அந்த முதல் டோஸ் ஏறும்.

நான் எழுதும் முறை எளிமையானது. முதலில் ஒரு நோயாளிக்கான பதிவைப் பேனாவைத் தொடாமல் முழுவதும் கேட்பேன். கேட்டுக்கொண்டே எழுதினால் முதலில் சொன்னது பெரிதாகவும் கடைசியில் சொன்னது சின்னதாகவும் தாளில் விழும். பேசுபவர் களைப்பில் கடைசியாக ஞாபகம் வந்து சொல்வதில்தான் பல சமயம் முக்கியமானது இருக்கும், மேலே பொட்டாசியம் வந்தது மாதிரி. இரண்டாம் முறை கேட்கும்போதுதான் எழுதுவேன்.

தாளில் நான்கு கட்டம். ஆள் யார், எதற்காக இருக்கிறார், எவ்வளவு கவலைப்பட வேண்டிய நிலை என்பது முதல் கட்டம். இப்போதைய நிலை இரண்டாவது. செய்ய வேண்டியவை மூன்றாவது. இது நடந்தால் இதைச் செய் என்பது நான்காவது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தைகள் பிரிவுகளில் பயிற்சி டாக்டர்கள் நோயாளிகளைக் கைமாற்றும் முறையை ஐ-பாஸ் என்ற பெயரில் ஒழுங்குபடுத்தினார்கள், அதன் வரிசை கிட்டத்தட்ட இதுதான். ஒன்பது மருத்துவமனைகளில் செய்த அந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. அது டாக்டர்களுக்கான முறை, நாங்கள் எங்கள் வார்டுக்கு ஏற்றபடி சுருக்கிக்கொண்டோம். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று போகும் எஸ்பார் முறையில் எழுதிப் பழகியவர்கள் அதிலேயே எழுதலாம். ஒரு நோயாளியைப் பற்றி டாக்டருக்குப் போன் செய்ய அது மிகவும் வசதி. ஆனால் வார்டு முழுவதையும் கைமாற்றும்போது 'செய்ய வேண்டியது' என்று தனிக் கட்டம் இருப்பது எங்களுக்கு அதிகம் உதவியது.

இனி நாலாம் பெட்டுக்கு வருகிறேன். இரண்டாம் முறை கேட்கும்போது கட்டங்களில் எதை எழுத முடியவில்லை என்று பார்த்தேன். அங்கேதான் கேள்விகள் பிறக்கின்றன.

சேச்சுரேஷன் 90 என்பதை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் கட்டத்தில் '90' என்று மட்டும் எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. எத்தனை லிட்டர் ஆக்சிஜனில் 90 என்று தெரிய வேண்டும். சி.ஓ.பி.டி. நோயாளிகளில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை வைத்திருப்பதுதான் இலக்கு. ஆகவே 90 அவருக்குச் சரியான எண். இலக்கை எழுதாமல் விட்டால், புதிதாக வந்த சிஸ்டர் 90-ஐப் பார்த்துப் பயந்து ஆக்சிஜனைக் கூட்டிவிடுவார், 97 வந்ததும் நிம்மதியாவார், தாத்தா மெல்ல மயக்கமாகத் தூங்க ஆரம்பிப்பார். அதனால் எங்கள் குறிப்பில் சேச்சுரேஷன் என்றால் எண், லிட்டர், இலக்கு மூன்றும் சேர்ந்துதான் இருக்கும். பதிவில் எண் மட்டும்தான் இருந்தது. முதல் கேள்வி எழுதிக்கொண்டேன்.

அடுத்தது இன்சுலின். "பத்து... இல்ல, எட்டு" என்று பேச்சில் திருத்தினால் கடைசியாகச் சொன்னதுதான் சரி என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மருந்தின் அளவை மட்டும் பேச்சை வைத்து முடிவு செய்யக்கூடாது, மருந்து சார்ட்டில் பார்த்தே எழுத வேண்டும். சார்ட்டில் 4.20-க்கு ரெகுலர் 8 யூனிட் என்று எழுதி, நைட் சிஸ்டர் கையெழுத்தும் இருந்தது. சரி, அது தீர்ந்தது. எழுதும்போது 'யூனிட்' என்று முழுதாக எழுத வேண்டும். ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யமாகி, 8 யூனிட் 80 ஆகப் படிக்கப்பட்டுவிடும். இன்சுலினில் இது உயிரோடு விளையாடுகிற விஷயம்.

"திரும்பப் பாக்கணும்" என்பது மூன்றாம் கட்டத்துக்குப் போகிற வாக்கியம். ஆனால் எப்போது? நேரம் இல்லாத வேலை யாருடைய வேலையும் இல்லை. இரண்டாம் கேள்வி.

"பொட்டாசியம் வரல" என்பதில் நான் அதிக நேரம் நின்றேன். இந்தத் தாத்தாவுக்கு நெபுலைசேஷனில் போகும் சால்பியூட்டமால் பொட்டாசியத்தைக் குறைக்கும். இன்சுலினும் குறைக்கும். மூச்சுக்காகப் போடும் ஸ்டீராய்டு சுகரை ஏற்றி, பொட்டாசியத்தையும் இறக்கும். மூன்றும் ஒரே ராத்திரியில் போயிருக்கின்றன. பொட்டாசியம் நிறைய இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், தசை சோர்ந்துபோகும், ஏற்கெனவே மூச்சுக்குக் கஷ்டப்படுபவருக்கு அது இன்னும் ஆபத்து. ஆகவே அந்த ரிப்போர்ட் வருகிறதா என்பது சும்மா தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை. அதோடு, 'வரல' என்பது மூன்று விதமாக இருக்கலாம். ரத்தம் இன்னும் எடுக்கவே இல்லை, எடுத்து அனுப்பி லேபில் ஓடிக்கொண்டிருக்கிறது, அனுப்பியதை லேப் நிராகரித்துவிட்டது. மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. பேச்சில் மூன்றும் ஒரே வார்த்தையாகத்தான் வரும். மூன்றாம் கேள்வி.

ஒத்துக்காத மாத்திரை விஷயத்தில் எதைச் சொல்கிறோம் என்பதைவிட, யார் சொன்னது என்பது முக்கியம். தாத்தா படுக மொழி பேசுபவர். அவர் சொன்னதைப் பையன் தமிழில் சொல்லியிருக்கிறார், அதை நைட் சிஸ்டர் சுருக்கிப் பதிவில் பேசியிருக்கிறார், நான் கேட்டு எழுதுகிறேன். நான்கு கை மாறியிருக்கிறது. இதைக் குறிப்பில் 'மருந்து அலர்ஜி உண்டு' என்று எழுதினால் தெரியாததைத் தெரிந்தது போல் ஆக்கிவிடுவேன். எழுதாமல் விட்டால் சொன்னதை அழித்துவிடுவேன். 'பையன் சொன்னது: முன்பு ஒரு மாத்திரையில் உடல் முழுக்க ஊறல், பெயர் தெரியவில்லை' என்பதுதான் உண்மை, அதையே எழுதினேன். இதற்காக நாங்கள் ஒரு சின்ன அடையாளம் வைத்திருக்கிறோம். சிஸ்டர் தன் கண்ணால் பார்த்ததற்கு 'பா', அடுத்தவர் சொல்லிக் கேட்டதற்கு 'கே', சார்ட்டில் சரிபார்த்ததற்கு 'சா'. வரியின் கடைசியில் ஒரே எழுத்து. படிப்பவருக்கு எதை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு பார்வையில் தெரியும்.

"நைட் பரவால்ல", "யூரின் போறாரு" இரண்டும் இன்னொரு வகை. நைட் பரவாயில்லை என்பதை 'ஸ்டேபிள்' என்று மாற்றி எழுதுவது எனக்குப் பிடிக்காது. ரெண்டு மணிக்கு மூச்சு வாங்கி எழுந்து உட்கார்ந்தவரை ஸ்டேபிள் என்று சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் எழுதுவேன். யூரின் அளவு சொல்லப்படவில்லை. அதற்கு 'நார்மல்' என்று போடக்கூடாது. 'அளவு சொல்லவில்லை' என்று எழுத வேண்டும். சொல்லாத கட்டத்தை நார்மல் என்று நிரப்புவதுதான் இந்த வேலையில் நான் பார்த்த மிகக் கெட்ட பழக்கம். புதிதாக எழுதப் பழகுபவர்கள் கட்டம் காலியாக இருந்தால் தங்கள் வேலை முடியாத மாதிரி நினைக்கிறார்கள். காலிக் கட்டம்தான் அடுத்தவரை எழுந்து போய்ப் பார்க்க வைக்கும்.

ஏழு பத்துக்கு நைட் சிஸ்டரிடம் போனேன். அவர் மருந்து டிராலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாலாம் பெட்டுக்கு ஆக்சிஜன் எத்தனை லிட்டர்ல போகுதும்மா?"

"இப்ப ரெண்டு அக்கா. ரெண்டு மணிக்கு நாலு ஆக்கினேன், அஞ்சு மணிக்குத் திரும்ப ரெண்டுக்குக் கொண்டுவந்துட்டேன்."

"சுகர் திரும்ப எப்ப பாக்கச் சொன்னாங்க?"

"ரெண்டு மணி நேரம் கழிச்சு." சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு இருபதுக்கே பார்த்திருக்கணும் அக்கா. அந்த நேரம் பதினொண்ணாம் பெட்ல வாந்தி எடுத்துட்டிருந்தாங்க." உடனே போய்ப் பார்த்தார், 224.

பொட்டாசியத்துக்கு லேபுக்குப் போன் செய்தோம். நாலரைக்கு அனுப்பிய ரத்தம் ஹீமோலைஸ் ஆகிவிட்டது என்று எடுத்து வைத்திருக்கிறார்கள். சிவப்பணு உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்துவிடும், அந்த ரத்தத்தில் பார்த்தால் இல்லாத உயரம் காட்டும், அதனால் அவர்கள் பார்க்காதது சரிதான். ஆனால் வார்டுக்குச் சொல்லவில்லை. ஒருவேளை கூப்பிட்டிருக்கலாம், அந்த நேரத்தில் போனை எடுக்க ஆள் இருந்திருக்காது. 'ரிப்போர்ட் வரல' என்று எழுதி வைத்திருந்தால் அது மத்தியானம் வரை வந்திருக்காது. ஏழே காலுக்குத் திரும்ப ரத்தம் எடுத்து, இந்த முறை அவசரம் என்று எழுதிக் கையில் கொடுத்தனுப்பினோம். எட்டரைக்கு 3.1 வந்தது, குறைவு. டாக்டர் சிரப் எழுதினார், ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

ஏழு இருபத்தைந்துக்குக் குறிப்பு இப்படி இருந்தது.

பெட் 4, ஆண், 68 வயது. சி.ஓ.பி.டி. அதிகமாகி நேற்று மாலை அட்மிஷன், சர்க்கரை நோய் உண்டு. நிலை: கவனம் தேவை.

இப்போது (6.50): சேச்சுரேஷன் 90, மூக்குக் குழாய் 2 லிட்டர், இலக்கு 88–92 (பா). இரவு 2 மணிக்கு மூச்சு வாங்கியது, நெபுலைசேஷன் கொடுத்து ஆக்சிஜன் 4 லிட்டர் ஆக்கி, 5 மணிக்கு 2-க்குக் குறைத்தது (பா). சுகர் 4 மணிக்கு 312, ரெகுலர் இன்சுலின் 8 யூனிட் 4.20-க்கு (சா). சுகர் 7.10-க்கு 224 (பா). இடது கை வென்ஃப்ளான் இடத்தில் வீக்கம் (பா). யூரின் அளவு சொல்லவில்லை.

செய்ய வேண்டியது: 8 மணி ஆன்டிபயாடிக் முதல் டோஸைப் போடுவதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டும். பையன் சொன்னது: முன்பு ஒரு மாத்திரையில் உடல் முழுக்க ஊறல், பெயர் தெரியவில்லை (கே). வென்ஃப்ளானை 7.45-க்குள் பார்த்து மாற்ற வேண்டும். பொட்டாசியம்: முதல் ரத்தம் நிராகரிப்பு, 7.15-க்குத் திரும்ப அனுப்பியது, 8.30-க்கு லேபுக்குப் போன். சுகர் அடுத்து எப்போது என்று ரவுண்ட்ஸில் கேட்க வேண்டும்.

இது நடந்தால்: சேச்சுரேஷன் 88-க்குக் கீழே போனாலும், ஆக்சிஜனைக் கூட்ட வேண்டி வந்தாலும், தூக்கக் கலக்கமாக இருந்தாலும் டியூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

பதிவோடு இதை வைத்துப் பார்த்தால், பேச்சில் கடைசியில் வந்த மூன்று விஷயம் குறிப்பில் செய்ய வேண்டியதன் உச்சிக்குப் போயிருக்கிறது. 'இது நடந்தால்' கட்டத்தில் இருப்பது பதிவில் இல்லவே இல்லை. அதை நானாக எழுதவில்லை, டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியதிலிருந்து எடுத்தேன். அந்தக் கட்டத்துக்குச் சொந்தக் கருத்து சேர்க்கக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். கேஸ் ஷீட்டில் இல்லையென்றால் காலியாக விட்டு ரவுண்ட்ஸில் கேட்பது நல்லது.

ஊறல் விஷயம் அன்று ஒன்பது மணிக்குத் தெளிவானது. வீட்டில் தேடி எடுத்து வந்த பழைய அட்டையில் இருந்தது சல்ஃபா வகை மருந்து. டாக்டர் எழுதியிருந்த ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வலது கையில் போட்ட புது வென்ஃப்ளானில் ஒன்பதரைக்கு முதல் டோஸ் போனது. ஒன்றரை மணி நேரம் தாமதம். அந்தத் தாமதம் தேவையானது என்றுதான் டாக்டரும் சொன்னார். அலர்ஜி விவரம் கேஸ் ஷீட்டின் முன் பக்கத்தில் சிவப்பு மையில் ஏறியது.

பதிவு செய்யும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்க முடியாத பதிவிலிருந்து நல்ல குறிப்பு வராது. எங்கள் வார்டுக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, பதிவில் ஒரே இரைச்சலாக இருக்கும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் பக்கத்தில் நின்று பேசினாலும் இதே கதை. போனை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெஷினுக்கு முதுகு காட்டி நின்று பேசச் சொல்கிறோம். ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பதிவு, ஆரம்பத்தில் பெட் நம்பரும் மணியும் சொல்ல வேண்டும். மணி சொல்வது மிகவும் உதவும். "இப்பதான் போட்டேன்", "கொஞ்சம் முன்னாடி பார்த்தேன்" என்று பேச்சில் வருவதையெல்லாம் குறிப்பில் மணியாக மாற்ற வேண்டும், பதிவு எத்தனை மணிக்குப் பேசியது என்று தெரிந்தால்தான் அது முடியும். தெரியாவிட்டால் பாராசிட்டமாலின் அடுத்த டோஸ் எப்போது என்று யாருக்கும் சொல்ல முடியாது.

எண்களில் இருபது, அறுபது, எழுபது எல்லாம் இரைச்சலில் ஒரே மாதிரி விழும். ஆங்கிலத்தில் சொன்னால் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் குழம்பும். அதனால் மருந்தளவையும் சுகரையும் சேச்சுரேஷனையும் ஒரு முறை வழக்கம்போலவும், ஒரு முறை எண் எண்ணாகவும் சொல்லச் சொல்கிறோம். "முன்னூத்திப் பன்னெண்டு, மூணு ஒண்ணு ரெண்டு" என்று. முதலில் சிஸ்டர்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

பேச்சை எழுத்தாக்கும் போன் வசதியையும் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தோம். தமிழும் ஆங்கிலமும் மருந்துப் பெயரும் கலந்து ஓடும் பேச்சில் அது மிகவும் திணறியது, கேரளத்திலிருந்து வந்த சிஸ்டர்களின் பேச்சில் இன்னும் அதிகமாக. தப்பாக எழுதுவது கூடப் பெரிய பிரச்சினை இல்லை. காதில் சரியாக விழாத இடத்தில் மனிதர் எழுதினால் கேள்விக்குறி போடுவார். அந்த வசதி தனக்குத் தோன்றிய ஒரு வார்த்தையைத் திருத்தமாக எழுதிவிட்டுப் போகும். "பத்து... இல்ல, எட்டு" என்பதில் இருந்த தயக்கமும் எழுத்தில் காணாமல் போய்விடும். அந்தத் தயக்கம்தானே சார்ட்டைத் திறந்து பார்க்கச் சொன்னது. யாராவது அதைப் பயன்படுத்தினால் எழுத்தை மட்டும் படிக்காமல் பதிவையும் சேர்த்துக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும், அப்போது மிச்சமாகும் நேரம் பெரிதாக இல்லை. வெளி சர்வருக்குப் பேச்சை அனுப்பும் வசதியாக இருந்தால் மருத்துவமனை நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. இது நோயாளியின் தகவல்.

அதே காரணத்துக்காகப் பதிவு செய்வது வார்டு போனில் மட்டும்தான், சொந்தப் போனில் கிடையாது. வார்டு போனில் சிம் இல்லை, வாட்ஸ்அப் இல்லை. நோயாளியின் பெயரைப் பதிவில் சொல்வதில்லை, பெட் நம்பரும் ஐ.பி. நம்பரின் கடைசி மூன்று இலக்கமும் போதும். பெட் மாற்றியிருந்தால் ஐ.பி. நம்பர் காப்பாற்றும். பக்கத்து பெட்காரர்கள் கேட்கக்கூடாத விஷயங்களைப் பெட் பக்கத்தில் பேசாமல் நர்சிங் ஸ்டேஷனில் வந்து பேச வேண்டும். பதிவு அன்று காலை டியூட்டி முடியும்போது அழிக்கப்படும். குறிப்பு கேஸ் ஷீட் இல்லை என்பதையும் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம். கொடுத்த மருந்து, பார்த்த சுகர், டாக்டரிடம் சொன்னது எல்லாம் அதனதன் சார்ட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். குறிப்பில் இருந்து சார்ட்டில் இல்லையென்றால், சிஸ்டர் கிளம்பும் முன் சார்ட்டில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஏழரைக்குப் பெட் பக்கத்தில் நிற்கும்போது, காலை சிஸ்டர் குறிப்பைப் பார்த்து, தான் செய்யப்போவதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அன்று நாலாம் பெட்டில் வந்த சிஸ்டர் சொன்னது: "எட்டு மணி இன்ஜெக்ஷன் நிறுத்தி வைக்கிறேன், முதல்ல டாக்டருக்குப் போன். கையைப் பார்த்து வென்ஃப்ளான் மாத்தறேன். எட்டரைக்கு லேப். தொண்ணூறு இருந்தா தொடமாட்டேன்." கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் நைட் சிஸ்டர் தலையாட்டினார். எட்டரைக்கு வந்தவர்களுக்கு அதே குறிப்பைக் கையில் கொடுத்து, அதே போல் திருப்பிச் சொல்ல வைத்தோம்.

இந்த முறைக்கு ஒரு எல்லை இருக்கிறது. பதிவு 6.50-இல் நின்றுவிடுகிறது. அதற்கும் ஏழரைக்கும் நடுவில் நடப்பது அதில் இருக்காது. அந்த இடைவெளியில்தான் காலைக் காபி, பாத்ரூம், ரத்தம் எடுப்பது, புது அட்மிஷன் எல்லாம் வரும். அதனால் ஒவ்வொரு குறிப்பின் கீழேயும் '6.50-க்குப் பிறகு' என்று ஒரு வரியைக் காலியாக விடுகிறோம், பெட் பக்கத்தில் நைட் சிஸ்டர் தன் கையால் அதை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றும் நடக்கவில்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும், வெறுமையாக விடக்கூடாது. ஏழு மணிக்குப் பிறகு வரும் அட்மிஷனுக்குப் பதிவே கிடையாது, நேரில் ஹேண்ட்ஓவர் மட்டும்தான். மிகவும் மோசமான நிலையில் இருப்பவருக்கும் அப்படித்தான். அவர் பக்கத்திலிருந்து யாரும் நகராமல் ஆளிடமிருந்து ஆள் நேரில் வாங்கிக்கொள்ள வேண்டும், குறிப்பு அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.